முதல் நாளில் எட்டாவது காட்சி: ஷூட்டிங் ஷெட்யூலை வாசிப்பது எப்படி?

ஷூட்டிங் ஷெட்யூலை முதன்முதலாகக் கையில் வாங்கும் உதவி இயக்குநருக்குத் தலை சுற்றுவது சகஜம். ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்துவிட்டு வந்திருப்பார். கதை வரிசை மனப்பாடமாக இருக்கும். தாளில் பார்த்தால் முதல் நாளுக்கு நேராகக் காட்சி 8, அதற்கடியில் 2, அப்புறம் 7. கடைசி நாளில் போய்க் காட்சி 1. ஏதோ சீட்டைக் குலுக்கிப் போட்டதுபோலத் தெரியும்.

அந்தத் தாளில் எதுவும் குலுக்கிப் போட்டதில்லை. எண் எங்கெல்லாம் தாவுகிறதோ அங்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. ஷெட்யூலை வாசிப்பது என்றால் அந்தக் காரணங்களைக் கண்டுபிடிப்பதுதான். அதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், சின்னதாக ஒரு குறும்படத்தைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு ஷெட்யூல் போட்டுப் பார்ப்போம்.

கதை இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் செல்வம், காரைக்குடியில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்க ஊருக்குப் போகிறான். பெரியப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. சண்டை வருகிறது. கடைசியில் வீடு கைமாறுகிறது. பன்னிரண்டு நிமிடம் ஓடும் படம், மொத்தம் ஒன்பது காட்சிகள்.

காட்சி 1: சென்னை அலுவலகம், பகல். செல்வத்துக்கு அம்மாவிடமிருந்து போன்.
காட்சி 2: காரைக்குடி வீட்டு வாசல், பகல். செல்வம் வந்து இறங்குகிறான், அம்மா எதிரே வருகிறாள்.
காட்சி 3: வீட்டு முற்றம், பகல். செல்வம், அம்மா, பெரியப்பா. விற்கும் பேச்சு எழுகிறது.
காட்சி 4: அதே முற்றம், பகல், இருபது வருடம் முன்பு. சிறுவன் செல்வம், பெரியப்பா.
காட்சி 5: டீக்கடை, பகல். செல்வம், பெரியப்பா.
காட்சி 6: முற்றம், இரவு. மூன்று பேரும். சண்டையில் பெரியப்பா செல்வத்தின் சட்டையைப் பிடிக்க, பாக்கெட் கிழிகிறது.
காட்சி 7: வாசல் திண்ணை, அதே இரவு. செல்வம், அம்மா.
காட்சி 8: முற்றம், பகல், ஒரு மாதம் கழித்து. சாமான்கள் எல்லாம் போய்விட்ட காலி வீடு. தாடியோடு செல்வம், கூட அம்மா.
காட்சி 9: சென்னை அலுவலகம், பகல். செல்வம் மட்டும்.

இந்த எண்களை ஒரு முறை முடிவு செய்துவிட்டால் யாரும் மாற்றக்கூடாது. கிளாப் பலகையில் இருந்து எடிட்டிங் மேசை வரைக்கும் இந்த எண்ணை வைத்துத்தான் எல்லோரும் காட்சியை அடையாளம் காண்கிறார்கள். நடுவில் புதிதாக ஒரு காட்சி சேர்ந்தால் அதற்கு 6ஏ என்று பெயர் வைப்பார்களே தவிர, மற்ற எண்களைத் தள்ளிப்போட மாட்டார்கள். எந்த வரிசையில் எடுத்தாலும் கதை வரிசை தொலைந்து போகாமல் இருப்பதற்கு இந்த எண்தான் காவல்.

ஷெட்யூலில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி இருக்கும். நம் படத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்வோம்:

காட்சி 8 / உள் / வீட்டு முற்றம் / பகல் / 1 2/8 / 1, 2 / கதை நாள் 4 / காலி வீடு, செல்வம் தாடி

உள், வெளி என்பது கட்டடத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்பது. பகல், இரவு என்பது கதையில் என்ன பொழுது என்பது. எப்போது எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டிவிட்டால் ஓர் அறைக்குள் பட்டப்பகலிலேயே இரவுக் காட்சியை எடுத்துவிடலாம். ஆனால் செட்டிநாட்டு வீட்டு முற்றம் வானம் பார்த்தது. அதைத் துணி போட்டு மூட முடியாது. அதனால் காட்சி 6-ஐ நிஜ இரவில்தான் எடுத்தாக வேண்டும். இப்படி ‘உள், இரவு’ என்று இருக்கும் ஒரு வரியைப் பார்த்ததும், அந்த இடத்தை இருட்டாக்க முடியுமா என்று கேட்டுப் பழக வேண்டும்.

அடுத்து வரும் 1 2/8 என்பது பக்கக் கணக்கு. ஸ்கிரிப்டின் ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து, காட்சி எத்தனை எட்டில் ஒரு பங்கு வருகிறது என்று எண்ணுவார்கள். ஹாலிவுட் வடிவத்தில் எழுதிய ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். நம் ஊரில் இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று எழுதுபவர்களும் உண்டு. அவர்கள் ஸ்கிரிப்டுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. எந்த வடிவமாக இருந்தாலும் இதை நம்பி ஏமாறக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ‘தேர் நிலைக்கு வந்து சேர்கிறது’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். தாளில் அது 1/8. எடுக்க முழு நாள் போதாது. பக்கக் கணக்கு காட்சியின் நீளத்தைச் சொல்லும், அதன் கஷ்டத்தைச் சொல்லாது.

1, 2 என்பவை நடிகர்களின் எண்கள். செல்வம் 1, அம்மா 2, பெரியப்பா 3, சிறுவன் 4. பெயரை எழுதாமல் எண் போடுவதற்குக் காரணம், தாளை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தாலே 3 எங்கெங்கே வருகிறது என்று கண்ணில் படும் என்பதுதான். கதை நாள் என்பது படத்துக்குள் நடக்கும் நாள். காட்சி 5, 6, 7 மூன்றும் ஒரே கதை நாள். அப்படியென்றால் செல்வத்துக்கு மூன்றிலும் ஒரே சட்டை. எந்தத் தேதியில் எடுத்தாலும் இது மாறாது. காஸ்ட்யூமரும் மேக்கப்மேனும் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான்.

இந்த வரிகளை நான்கு வண்ணப் பட்டைகளாகவும் சில தாள்களில் பார்க்கலாம். வழக்கமாக வெள்ளை உள்-பகல், மஞ்சள் வெளி-பகல், நீலம் உள்-இரவு, பச்சை வெளி-இரவு. ஒரு நாள் முடியும் இடத்தில் கறுப்புப் பட்டை. முன்பு அட்டைப் பட்டைகளைப் பலகையில் செருகி இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது மென்பொருளில் இழுத்து வைக்கிறார்கள். பழக்கம் அதேதான்.

சரி, இப்போது ஷெட்யூல் போடுவோம். முதல் வேலை, இடத்தை வைத்துப் பிரிப்பது. காரைக்குடியில் ஏழு காட்சிகள், சென்னையில் இரண்டு. கதை வரிசையில் எடுப்பதானால் காட்சி 1-ஐச் சென்னையில் முடித்துவிட்டு, மொத்த யூனிட்டும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஏழு காட்சிகளை எடுத்து, மறுபடி சென்னைக்கு வந்து, அதே அலுவலகத்தை இன்னொரு முறை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். இது எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவது ஊருக்குள்ளேயே நடக்கும் இடமாற்றத்தை. முற்றத்தில் இருந்து பக்கத்துத் தெரு டீக்கடைக்குப் போவது நடந்தால் ஐந்து நிமிடம். யூனிட் போவது அப்படியல்ல. விளக்குகளை இறக்கி, கேபிளைச் சுற்றி, டிராலியைப் பிரித்து, ஜெனரேட்டர் வண்டியை நகர்த்தி, அங்கே போய் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி முதல் ஷாட் வைப்பதற்குள் இரண்டு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். அதனால் ஒரு நாளில் ஓர் இடமாற்றத்துக்கு மேல் கண்ணில் பட்டால், அந்த நாள் தாளில் எழுதியபடி முடியாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நடிகர்களின் தேதி. கோடம்பாக்கத்தில் கால்ஷீட் என்று சொல்வது இதைத்தான். பெரியப்பாவாக நடிப்பவர் பல படங்களில் ஒரே சமயத்தில் நடிக்கும் குணச்சித்திர நடிகர். வெள்ளி, சனி என்று இரண்டு நாள் மட்டும் கொடுத்திருக்கிறார். அவருக்கு 3, 4, 5, 6 என்று நான்கு காட்சிகள். கதை வரிசையில் இவை அடுத்தடுத்து வந்தாலும், மூன்று பகல், ஓர் இரவு, அவற்றில் ஒரு டீக்கடை, இளமைக் காட்சிக்கு ஒரு விக் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நான்கும் அந்த இரண்டு நாளுக்குள் அடங்க வேண்டும். சிறுவனுக்கு வெள்ளிக்கிழமை பள்ளி இருக்கிறது. ஆகவே காட்சி 4 சனிக்கிழமைதான்.

சிறுவன் விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குழந்தை நடிகர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த ஐந்து மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க, பெரியப்பாவுக்குக் கறுப்பு விக் வைத்து முடித்து அவர் தயாரான பிறகுதான் பையனைச் செட்டுக்கு அழைக்க வேண்டும். வேறு வரிசையில் அழைத்தால், பையனின் நேரம் மேக்கப் அறையின் வாசலிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, காட்சி 8. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இதுதான். காலி வீடு என்பதால், எல்லாம் முடிந்த பிறகு சாமான்களை வெளியே ஏற்றிவிட்டுக் கடைசியாக எடுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் செல்வத்துக்கு ஒரு மாதத் தாடி வேண்டும். மற்ற காட்சிகளில் மழுங்க ஷேவ் செய்த முகம். மூன்று நாளில் தாடி வளராது. ஒட்டுத் தாடி வைத்தால், குளோஸப்பில் கன்னத்து ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் தலைகீழாகப் போடுகிறோம். நடிகரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லித் தாடி வளர்க்கச் சொல்கிறோம். வாடகைக்கு எடுக்கும்போது வீடு எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது. ஆர்ட் ஆட்கள் ஊஞ்சலையும் படங்களையும் பாத்திரங்களையும் உள்ளே கொண்டுவருவதற்கு முன்னால், முதல் நாள் காலையிலேயே காட்சி 8-ஐ எடுத்துவிடுகிறோம். பிறகு நடிகர் ஷேவ் செய்கிறார். ஆர்ட் ஆட்கள் உள்ளே சாமான்களை அடுக்குகிறார்கள். அவர்கள் உள்ளே வேலை பார்க்கும் நேரத்தில் யூனிட் சும்மா இருக்காமல், வெளியே வாசலில் காட்சி 2-ஐ எடுக்கிறது. தாடியும் காலி வீடும் ஒன்றையொன்று தீர்த்துவைக்கின்றன. கதையின் முடிவு முதல் நாளில் வந்து உட்கார்ந்த காரணம் இதுதான்.

நடிகரின் உடம்பே ஷெட்யூலைத் தீர்மானிப்பதற்குப் பெரிய உதாரணம், 2000-இல் வந்த ‘காஸ்ட் அவே’. தீவில் பல வருடம் தனியாகக் கிடந்த மனிதனாக டாம் ஹாங்க்ஸ் மெலிந்து, முடியும் தாடியும் வளர்த்து வருவதற்காகப் படப்பிடிப்பையே ஏறக்குறைய ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். குறும்படத்துக்கு அந்த வசதி கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. காட்சி 9-இல் செல்வம் மறுபடி அலுவலகத்தில் இருக்கிறான். அங்கேயும் தாடி இருந்தால், அதையும் ஷேவ் செய்வதற்கு முன்னால் எடுக்க வேண்டும். காட்சி 1 ஷேவ் செய்த பிறகு. அதாவது ஒன்றரைப் பக்கத்துக்காக அலுவலகத்தை இரண்டு தடவை பிடிக்க வேண்டும். ஷெட்யூல் போடுபவர் இந்த இடத்தில் இயக்குநரிடம் போய்க் கேட்பார்: “சார், ஒன்பதுல தாடி எடுத்துட்டு வேலைக்கு வந்துட்டான்னு வெச்சுக்கலாமா?” இயக்குநர் சரி என்றால் ஒரு முழு நாள் மிச்சம். முடியாது, அந்தத் தாடியோடு அவன் வேலைக்குத் திரும்புவதுதான் காட்சியே என்றால், அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும். நம் இயக்குநர் சரி என்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஷெட்யூல் எழுதும்போது கதை இப்படித்தான் சில இடங்களில் மாறுகிறது. நல்ல இணை இயக்குநருக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று தெரியும்.

இப்போது முழு ஷெட்யூல்:

நாள் 1, வியாழன், காரைக்குடி வீடு: காட்சி 8, 2, 7. மொத்தம் 3 4/8 பக்கம். காலை 10 முதல் இரவு 9 வரை.
நாள் 2, வெள்ளி, வீடு, பிறகு டீக்கடை: காட்சி 3, 5. மொத்தம் 3 4/8. காலை 9 முதல் மாலை 6 வரை.
நாள் 3, சனி, வீடு: காட்சி 4, 6. மொத்தம் 3 6/8. பகல் 12 முதல் இரவு 11 வரை.
நாள் 4, அடுத்த வார ஞாயிறு, சென்னை: காட்சி 1, 9. மொத்தம் 1 4/8.

ஒவ்வொரு தாவலுக்கும் இப்போது காரணம் சொல்ல முடியும். காட்சி 7 ஏன் வியாழன் இரவு? அதில் பெரியப்பா இல்லை. அவருடைய விலைமதிப்பான இரண்டு நாளில் அவர் இல்லாத காட்சிக்கு இடம் கொடுக்கக்கூடாது. காட்சி 3 ஏன் வெள்ளி காலையிலேயே? உச்சிவேளையில் முற்றத்தில் வெயில் நேராக விழுந்து முகத்தில் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். அதற்கு முன் முடிந்த மட்டும் முடித்துவிட வேண்டும். காட்சி 4-ஐ மட்டும் சனி உச்சிவேளையில் வைத்ததற்குக் காரணம், பழைய நினைவுக்கு அந்தப் பளிச்சென்ற வெயிலையே இயக்குநர் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை ஏன் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது? இரவு 11 வரை வேலை இருக்கிறது. காலை 6 மணிக்கே எல்லோரையும் எழுப்பினால் சண்டைக் காட்சியின்போது ஒருவருக்கும் தெம்பு இருக்காது. அதற்காகத்தான் இரவு வெகுநேரம் வேலை உள்ள நாளை ஊரின் கடைசி நாளாகவும் வைத்திருக்கிறோம். மறுநாள் காலை யாரும் சீக்கிரம் எழ வேண்டியதில்லை. அலுவலகக் காட்சி ஞாயிற்றுக்கிழமையில் ஏன் என்பதைச் சொல்லவே வேண்டாம், அன்றைக்குத்தான் அலுவலகம் காலி.

ஷெட்யூலோடு இன்னொரு தாளும் வரும். இடப்பக்கம் நடிகர்கள், மேலே தேதிகள். வேலை உள்ள நாளில் W என்றும், வேலை இல்லாமல் காத்திருக்கும் நாளில் H என்றும் குறித்திருப்பார்கள். ஒருவரின் வரிசையில் இரண்டு W-க்கு நடுவே H வந்தால், அவர் அன்று லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அறை வாடகை, சாப்பாடு, பேட்டா எல்லாம் ஓடும். நாள் சம்பளக்காரராக இருந்தால் பேச்சுவார்த்தையைப் பொறுத்துச் சம்பளமும் ஓடலாம். நம் ஷெட்யூலில் அம்மாவுக்கு வியாழன், வெள்ளி, சனி மூன்றும் W. பெரியப்பாவுக்கு வெள்ளி, சனி. H ஒன்றுகூட இல்லை. படம் பெரிதாகும்போது இது நடக்கவே நடக்காது. எத்தனை H இருக்கிறது, அது யாருடைய வரிசையில் இருக்கிறது என்று பார்த்தால் பணம் எங்கே போகிறது என்று தெரியும்.

இவ்வளவு கச்சிதமாக அடுக்கியதற்கு ஒரு விலையும் உண்டு. காட்சி 7-இல் செல்வம் கிழிந்த பாக்கெட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அது எடுக்கப்படுவது வியாழன். பாக்கெட் கிழிவது சனிக்கிழமை எடுக்கப்போகும் காட்சி 6-இல். நடக்காத சண்டையின் கிழிசலை முதலில் முடிவு செய்ய வேண்டும். பாக்கெட் எந்தப் பக்கம் தொங்குகிறது? நூல் எவ்வளவு நீளம்? மேல் பட்டன் போயிருக்கிறதா? கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் வியாழன் இரவே நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால்தான், சனிக்கிழமை பெரியப்பா அதே இடத்தைப் பிடித்து அதே பக்கமாக இழுக்க முடியும். இழுப்பது முதல் டேக்கிலேயே சரியாக வரும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒரே மாதிரிச் சட்டை நாலைந்தாவது வேண்டும். ஒரே சட்டை வாங்கிவந்து மாட்டிக்கொண்ட யூனிட்டுகள் நிறைய.

அதைவிடப் பெரிய விலையைக் கொடுப்பவர்கள் நடிகர்கள். செல்வமாக நடிப்பவர் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் காலையிலேயே அதைவிட்டுப் பிரியும் காட்சியை நடிக்க வேண்டும். அம்மாவாக நடிப்பவரை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். ஒத்திகை இல்லாமல் இதைச் செய்யச் சொல்வது அநியாயம் என்பது என் கருத்து. முந்தைய நாள் மாலையில் இருவரையும் அந்த வீட்டில் உட்காரவைத்து, கதை வரிசையில் எல்லாக் காட்சிகளையும் ஒரு முறை வாசித்துவிட்டால், காட்சி 8-இல் அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கதை வரிசையிலேயே எடுக்க முடிந்தவர்களும் உண்டு. 1982-இல் வந்த ‘ஈ.டி.’ படத்தை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பெரும்பாலும் கதை வரிசையில்தான் எடுத்தார். குழந்தை நடிகர்கள் கடைசியில் அந்த வேற்றுலக உயிரைப் பிரியும்போது, அந்தப் பிரிவு அவர்களுக்கு நிஜமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

இனி, இந்த ஷெட்யூல் எங்கே உடையும் என்று பார்ப்போம். வியாழனன்று மழை வந்தால்? 2, 7 இரண்டும் வெளி. முற்றமும் வானம் பார்த்தது என்பதால் 8-உம் நனையும். மழை நாளுக்கென்று கூரைக்குக் கீழே எடுக்கக்கூடிய மாற்றுக் காட்சி ஒன்றுகூட அன்றைக்கு இல்லை. இருக்கும் மற்ற வீட்டுக் காட்சிகளுக்குப் பெரியப்பா வேண்டும், அவர் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். இது உண்மையான பலவீனம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ஷெட்யூலைப் போடவே கூடாது. எந்த ஷெட்யூல் கையில் வந்தாலும், ‘வெளி’ என்று இருக்கும் ஒவ்வொரு நாளிலும் அதே நடிகர்களை வைத்து எடுக்கக்கூடிய ‘உள்’ காட்சி ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்த ஆபத்து சனி இரவு. பெரியப்பாவுக்கு மூன்றாவது நாள் கிடையாது. காட்சி 4 இழுத்துக்கொண்டு போனால் காட்சி 6-க்கு நேரம் குறையும். 2 6/8 பக்கச் சண்டை, மூன்று நடிகர்கள். இங்கே கைகொடுப்பது ஷாட் வரிசை. இடம், நடிகர் என்று காட்சிகளைப் பிரித்த அதே கணக்கு காட்சிக்குள்ளேயும் வேலை செய்யும். பெரியப்பாவின் முகம் தெரியும் ஷாட்டுகளை எல்லாம் முதலில் எடுத்து அவரை அனுப்பிவிடலாம். பிறகு கேமராவைத் திருப்பி, விளக்குகளை மாற்றி, செல்வத்தின் குளோஸப்புகளையும் அம்மாவின் குளோஸப்புகளையும் எடுக்கலாம். செல்வத்தைப் பெரியப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்க்கும் சஜஷன் ஷாட்டுக்கு, அதே உடம்புவாகு உள்ள ஒருவருக்கு அதே சட்டையைப் போட்டு முதுகைக் காட்டினால் போதும். வசனத்தை உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வாசிப்பார். எதிரே நடிகர் இல்லாமல் சண்டை போடுவது செல்வத்துக்குக் கஷ்டம்தான். அதனால் நேரம் இருக்கும்வரை பெரியப்பாவை நிறுத்திவைக்கவே பார்ப்பார்கள்.

ஷெட்யூலைக் கையில் வாங்கியதும் தேதி, நடிகர், இடம் எல்லாவற்றுக்கும் முன்னால் தாளின் மேல்மூலையைப் பாருங்கள். எத்தனையாவது திருத்தம், எந்தத் தேதியில் அச்சிட்டது என்று போட்டிருக்கும். பெரியப்பா தன் வெள்ளிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கேட்டால், ராத்திரியோடு ராத்திரியாக டீக்கடை நகரும், விக் நகரும், பள்ளி விடுமுறை என்பதால் பையன்கூட நகரக்கூடும். பழைய தாளை வைத்துக்கொண்டு டீக்கடைக்காரரிடம் கடையை அடைக்கச் சொல்லிவிடாமல் இருக்க, புதியது வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.